பெண்டிங் இல்லாத நாட்கள்

எனக்கு இருப்புக்கொள்ளாது. வீட்டில் எல்லோரும் சொல்லும் குறை அதுதான். குக்கர் விசில் அடித்தால் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காவிட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து ஓடுவேன். அப்பாவிடமிருந்து வந்த வியாதி. அவர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்த்தார். தீபாவளி நெருங்கும்போது மேல் மாடியிலிருந்து கொஞ்ச நேரம் பில் வராவிட்டால் படியேறிப் போய்ப் பார்ப்பார். ஒருமுறை லிஃப்ட் நின்றுபோய், மேலே போக வேண்டிய கூட்டமெல்லாம் கீழேயே முட்டிக்கொண்டிருந்ததாம். மேல் மாடிப் பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு இன்றைக்கு வியாபாரம் மந்தம் என்று பேசிக்கொண்டிருந்தார்களாம்.

நான் அடையாறில் ஒரு கண் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. ஊருக்குள் போகிற ஒரு வேன் இருக்கிறது. பட்டினப்பாக்கம், திருவல்லிக்கேணி, நந்தனம் என்று ஒவ்வொரு நாளும் ஓரிடத்தில் போய் நிற்கும். சர்க்கரை வியாதிக்காரர்கள் வரிசையில் வந்து கேமராவுக்கு முன் முகவாயை வைத்து உட்காருவார்கள். விழித்திரையைப் படம் எடுப்பார்கள். அந்தப் படம் ஒரு டேப்லெட் வழியாக எங்கள் சர்வரில் ஒரு ஃபோல்டருக்கு வந்து சேரும். அங்கிருந்துதான் என் பாடு. நான் எழுதி வைத்த சின்ன புரோகிராம் ஒன்று மணிக்கு ஒருமுறை தானாக எழுந்துகொள்ளும். ஜாப் என்போம் அதை. ஃபோல்டரைத் திறந்து பார்க்கும், புதிய படங்களை எடுத்து டாக்டரின் வரிசையில் வைக்கும், ஃபோல்டரைக் காலி செய்துவிட்டுத் திரும்பத் தூங்கிவிடும். டாக்டர் ஒவ்வொரு படமாகப் பார்த்து, சரி என்றோ சரியில்லை என்றோ குறிப்பார். சரியில்லை என்றால் எங்கள் ஃபோன் மேசையிலிருந்து அந்த நோயாளியைக் கூப்பிடுவார்கள். சரி என்றால் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். வேனில் படம் எடுக்கும்போதே அப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள்: ஏதாவது இருந்தால் ஃபோன் வரும்.

டாக்டர் வயதில் பெரியவர், நல்ல மனிதர், வாயைக் கட்டத் தெரியாதவர். அவருடைய வரிசையில் எப்போதும் படங்கள் குவிந்து கிடக்கும். காலையில் அறைக்குள் நுழையும்போதே பெருமூச்சு விட்டுக்கொண்டுதான் நுழைவார். அதனால் எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. என்றைக்காவது பார்க்காத படம் ஒன்றும் பாக்கியில்லாமல் பெண்டிங் பூஜ்யம் என்று திரையில் வந்துவிட்டால், அன்றைக்கு டாக்டர் செலவில் எல்லோருக்கும் மிளகாய் பஜ்ஜி. வருஷத்தில் இரண்டு முறையோ மூன்று முறையோ நடக்கும். அதற்காகவே எல்லோரும் பூஜ்யத்தைச் சாமி கும்பிடுகிற மாதிரி எதிர்பார்த்துக்கொண்டிருப்போம்.

போன ஐப்பசி மழையில் அந்தப் பூஜ்யம் வந்தது. தெருவெல்லாம் தண்ணீர், பள்ளிக்கூடங்களுக்கு லீவு, வேனை வெளியே எடுக்கவில்லை. ஜாப் ஒழுங்காக ஓடியது, புதுப் படம் ஒன்றும் இல்லை என்றது. டாக்டர் பழைய பாக்கியை உட்கார்ந்து பார்த்து முடித்தார். மழைக்கும் பஜ்ஜிக்கும் கேட்கவா வேண்டும், நானும்தான் இரண்டு சாப்பிட்டேன்.

பிறகு மழை விட்டது. வெயிலும் அடித்தது. மறுநாளும் பூஜ்யம். அதற்கு அடுத்த நாளும் பூஜ்யம். டாக்டர் திரும்பவும் பஜ்ஜி வாங்கி வரச் சொன்னார்.

இந்த முறை பாதி பஜ்ஜியை வைத்துவிட்டு எழுந்தேன். ஜாப் ஓடிய விவரத்தைத் திறந்து பார்த்தேன். மணி தவறாமல் ஓடியிருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பக்கத்தில் பச்சை. பிழை இல்லை, கிடைத்த படங்கள் பூஜ்யம், வெற்றிகரமாக முடிந்தது. கையால் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். அதுவும் பச்சை. ஃபோல்டரைத் திறந்தேன், காலி. ஆனால் என் ஜாப்தான் ஒவ்வொரு முறையும் அதைக் காலி செய்துவிட்டுப் போகிறதே. அது காலியாக இருப்பதில் என்ன அதிசயம்?

டாக்டரிடம் போய், வேன் ஓடுகிறதா சார் என்று கேட்டேன். மழைக்கப்புறம் ஊரெல்லாம் காய்ச்சல் முகாம் போட்டிருப்பார்கள், நம் ஆட்களையும் அதற்கு இழுத்திருப்பார்கள் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மறுநாள் அதே கேள்வியோடு போனபோது, ஜனங்கள் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைப்பார்களா, கண்ணைக் காட்ட வந்து நிற்பார்களா என்றார். அதுவும் நியாயம். அதற்கடுத்து தீபாவளி நெருங்குகிறது என்றார். எங்களிடம் பூஜ்யத்துக்கு மட்டும் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. நாளுக்கு ஒன்று கிடைத்தது.

வேன் பொறுப்பாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டேன். எல்லாம் சரியாகப் போகிறதா என்று கேட்டேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டி ஒரு பொம்மை வந்தது. அவருக்கு எல்லாம் என்றால் டீசல், டிரைவர், கேமரா, கூட்டம். அவர் பக்கத்தில் அதெல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. எனக்கு எரிச்சலாக வந்தது, ஆனால் யார் மேல் எரிச்சல் என்று தெரியவில்லை. டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வேலை இருந்தாலும் புலம்பற, இல்லேன்னாலும் புலம்பற. ஒரு வாரம் நிம்மதியா இரேன்மா."

அவர் அந்த வார இறுதிக்கு லீவு போட்டார். எத்தனையோ நாள் கழித்து வீட்டில் இருக்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்க பட்டினப்பாக்கம் போனேன். மந்தைவெளியில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போனால் பக்கம்தான். அங்கே எனக்கு வாடிக்கையாக ஒரு அக்கா உண்டு. விடியும் முன்னே காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துக்கொண்டு வந்து கடற்கரைச் சாலையோரம் பலகை போட்டு உட்காருவாள். ஐம்பது வயதிருக்கும். சர்க்கரை பல வருஷமாக இருக்கிறது, மாத்திரையை நினைத்தால் போடுவாள். வஞ்சிரத்தை வெட்டும்போது அவள் பார்வை கத்தியில் இருக்காது, எதிரே வருகிறவர்கள் மேல்தான் இருக்கும். கை மட்டும் தன் பாட்டுக்கு வேலை செய்யும்.

அன்றைக்கு அவள் குனிந்து, மீனுக்கு வெகு அருகில் முகத்தை வைத்து வெட்டிக்கொண்டிருந்தாள். நடுநடுவே கையால் முகத்துக்கு முன்னே எதையோ விரட்டினாள். ஈ என்று நினைத்தேன். ஈ ஒன்றும் இல்லை. கண்ணுக்கு என்ன அக்கா என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா கண்ணுக்கு முன்னால நூலு தொங்குறா மாரி கீது. தள்ளுனாலும் போமாட்டேங்குது. அது ஒண்ணுமில்லமா."

கண் ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவளுக்கு அந்த நூல் என்னவென்று தெரியாமல் போகாது. சர்க்கரைக்காரர்களுக்கு விழித்திரையில் புதிதாகப் பலவீனமான ரத்தக் குழாய்கள் முளைக்கும். அவை உடைந்து கசிகிறபோது இப்படித்தான் நூல் தொங்கும், கொசு பறக்கும். இப்போதே என்னோடு வாருங்கள், டாக்டரிடம் காட்டலாம் என்றேன். அவள் பலகையிலிருந்த மீனைக் காட்டினாள். அதை யார் விற்பது என்றாள். பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிறவள் போலச் சொன்னாள்:

"உங்க ஆஸ்பத்திரி வேன்லயே படம் புடிச்சிக்கினேனே. எதுனா இருந்தா போன் பண்ணுவோம்னாங்க. பண்ணல. அப்போ நல்லாத்தான கீது?"

எப்போது படம் எடுத்தார்கள் என்று கேட்டேன். மழை விட்ட பிறகு, செவ்வாய்க்கிழமை என்றாள். சர்ச்சுக்குப் பக்கத்தில் வேன் நின்றதாம், செம கூட்டமாம், வரிசையில் நின்று கால் கடுத்துவிட்டதாம்.

செவ்வாய்க்கிழமைதான் நாங்கள் இரண்டாவது தடவை பஜ்ஜி சாப்பிட்டோம்.

வாங்கிய மீனுக்குக் காசு கொடுத்தேனா என்று நினைவில்லை. ஸ்கூட்டரை அங்கேயே ஒரு ஓரமாக நிறுத்திவிட்டு வேன் பொறுப்பாளருக்கு ஃபோன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். படம் எடுக்கிறீர்களா என்று கேட்டேன். மழை ஓய்ந்ததிலிருந்து ஒரு நாள் விடாமல் எடுக்கிறோம் மேடம் என்றார். அனுப்புகிறீர்களா என்றேன். ஒவ்வொரு படத்துக்கும் டேப்லெட்டில் பச்சை டிக் வருகிறதே என்றார். அங்கேயும் பச்சை, இங்கேயும் பச்சை. நடுவில் எங்கேயோ ஜனங்களின் கண்கள் காணாமல் போயிருந்தன. டேப்லெட்டில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டேன். நாங்கள் ஒன்றும் தொடவில்லை, மழையில் சும்மா கிடந்தபோது ஆப் தானாக அப்டேட் ஆகியிருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்து, மீன் பையைச் சிங்க்கில் போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். இத்தனை நாளும் நான் என் ஜாப்பையே தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேலே போய்ப் பார்க்கவில்லை. இப்போது சர்வர் முழுக்க, மழைக்குப் பிறகு வந்து சேர்ந்த படங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடினேன். உடனே கிடைத்துவிட்டன. அப்டேட்டான ஆப், படங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் புதிய ஃபோல்டர்களில் போட ஆரம்பித்திருக்கிறது. பழைய ஃபோல்டரை யாரும் அழிக்கவில்லை. அது பாட்டுக்கு இருந்தது, காலியாக. அதை அழித்திருந்தாலாவது, என் ஜாப் ஃபோல்டரைக் காணோம் என்று முதல் மணியிலேயே கத்தியிருக்கும், சிவப்பு வந்திருக்கும், நான் எழுந்து ஓடியிருப்பேன். ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை, அதனால் ஜாப்புக்கு வேலையுமில்லை. அது பொய் சொல்லவில்லை. நான் என்ன கேட்கச் சொல்லியிருந்தேனோ அதற்குத்தான் பதில் சொன்னது.

பட்டினப்பாக்கம் என்ற ஃபோல்டருக்குள் அக்காவின் பெயரைத் தேடி எடுத்தேன். இடது கண், வலது கண், இரண்டு படங்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, ஆனால் ஆயிரம் படம் பார்த்த கண் எனக்கு. ஆரஞ்சு நிற வட்டத்துக்குள் வலைப்பின்னலாக, இருக்கக்கூடாத இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடுகள். வலது கண்ணில் அதிகம். டாக்டருக்கு அனுப்பிவிட்டு ஃபோன் செய்தேன். பின்னால் டிவி ஓடும் சத்தமும் குக்கர் சத்தமும் கேட்டன. வழக்கம்போல ஏதோ கிண்டல் செய்ய ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"இது எப்ப எடுத்தது?" என்றார். செவ்வாய்க்கிழமை என்றேன். டிவியை அணைக்கச் சொன்னார். நூல் தொங்குவதாகச் சொல்கிறாள் என்றேன்.

"இன்னைக்கே கூட்டிண்டு வா. நான் கிளம்பறேன். மத்த படமெல்லாம் எங்க இருக்கு, அதையும் வரிசையில போடு."

ஜாப்பைப் புதிய ஃபோல்டர்கள் பக்கம் திருப்பிவிட்டுக் கையால் ஓட்டினேன். பூஜ்யமாக இருந்த எண் ஏறிக்கொண்டே போனது. அது நிற்கும்வரை பார்க்க எனக்குப் பொறுமையில்லை.

திரும்பப் பட்டினப்பாக்கம் போனபோது பலகை கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மீன் விற்றுவிட்டது. பக்கத்துப் பலகைக்காரியிடம் வழி கேட்டு, ஹவுசிங் போர்டு வீட்டில் மூன்றாம் மாடிக்கு ஏறினேன். அக்கா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாள். நாளைக்கு வருகிறேன் என்றாள், காசிமேட்டுக்குப் போய் வந்துவிட்டு வருகிறேன் என்றாள். நான் ஃபோனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். இது உங்கள் கண் அக்கா, செவ்வாய்க்கிழமை எடுத்தது என்றேன். அவள் இடது கண்ணை அகலத் திறந்து, வலது கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். வலது கண்ணுக்கு என்ன அக்கா என்று கேட்டேன். காலையில் நூலாகத் தொங்கியது இப்போது திரையாக இறங்கிவிட்டிருந்தது. சாப்பிட்டதும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, வெயிலில் உட்கார்ந்ததனால் என்று நினைத்துப் படுத்தேன் என்றாள்.

ஆட்டோவில் அடையாறு போகும் வழியெல்லாம் அவள் வலது கண்ணைக் கையால் மூடி மூடித் திறந்து பார்த்தாள். நான் எதையெதையோ பேசிக்கொண்டு வந்தேன். பாலத்தைத் தாண்டும்போது என் கையை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு, "நீ இன்னாத்துக்கு இம்மா பயப்புடுற?" என்று கேட்டாள்.

டாக்டர் வேட்டியோடு வந்திருந்தார். இடது கண்ணுக்கு லேசர் சிகிச்சையை அன்றைக்கே தொடங்கிவிட்டார். வலது கண்ணுக்குள் ரத்தம் கொட்டியிருந்தது. தானாக வடிகிறதா என்று சில வாரம் பார்க்க வேண்டும், வடியாவிட்டால் ஆபரேஷன் என்றார். அவளை அனுப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வரிசையின் முன் உட்கார்ந்தவர் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. அவசரமாகக் கூப்பிட வேண்டியவர்கள் இன்னும் சிலர் அதில் இருந்தார்கள். நானே உட்கார்ந்து கூப்பிட்டேன். அவர்கள் எல்லோருக்கும் நல்லவேளையாக நேரம் இருந்தது. அக்காவுக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

அடுத்த வாரமே ஜாப்பின் தலையில் ஒரு காவலைப் போட்டேன். ஜாப் ஓடியதா என்று அது கேட்காது. கடைசிப் படம் வந்து எவ்வளவு நேரமாகிறது என்று கேட்கும். வேன் வெளியே போக வேண்டிய நாளில் மதியம்வரை ஒரு படமும் வராவிட்டால் என் ஃபோன் அலறும். சாயங்காலம் வேனில் கொடுத்த டோக்கன் எண்ணிக்கையும் இங்கே வந்து சேர்ந்த ஆட்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டாலும் அலறும். லீவு நாளை நான் குறிக்க மறந்தால் சும்மாவும் அலறும். டாக்டர் அதற்காக என்னைக் கேலி செய்வதில்லை. பூஜ்யத்துக்குப் பஜ்ஜி வாங்குகிற வழக்கமும் நின்றுவிட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

இரண்டு ஞாயிறுகள் நான் பட்டினப்பாக்கம் பக்கமே போகவில்லை. முகத்தைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான். மூன்றாவது ஞாயிறு போனேன். பலகையில் உட்கார்ந்திருந்தாள். வலது கண் இன்னும் தெளியவில்லை, ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது கண்ணால் கத்தியைப் பார்த்து, மெதுவாகச் சங்கராவைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். எதிரே வருகிறவர்களை அவள் பார்க்கவில்லை. நான் நின்றது அவளுக்கு முதலில் தெரியவே இல்லை.

தெரிந்ததும், உட்காரச் சொல்லி ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டாள். அவளிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். படம் வந்து சேர்ந்தது, ஆனால் யாரும் திறந்து பார்க்காத இடத்துக்கு வந்தது, நாங்கள் வேலையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம் என்றேன். கேட்டுக்கொண்டே செதிலைச் சீவினாள். பிறகு கேட்டாள்:

"செவ்வாக்கெழமயே கூப்ட்டிருந்தீங்கன்னா இந்தக் கண்ணு இப்டி ஆயிருக்காதா?"

டாக்டர் என்னிடம் உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் சொல்லியிருந்தார். அதை அப்படியே சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம்.

"ஆகாம இருந்திருக்கலாம் அக்கா" என்றேன்.

அவள் கத்தியை வைத்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மீனைப் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"எனக்கு வெள்ளிக்கெழமயே நூலு தெரிஞ்சிச்சிமா. நீங்க கூப்புடலன்னுதான் கம்முனு கெடந்தேன். இனிமே ஒண்ணுமில்லன்னாலும் கூப்ட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க."

திங்கட்கிழமை டாக்டரிடம் போய் இதைச் சொன்னேன். அத்தனை பேரையும் யார் கூப்பிடுவது என்று வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஃபோன் மேசைக்கு இன்னொரு ஆள் கேட்டு எழுதுகிறேன் என்றார். ஆள் வரும்வரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் உட்கார்ந்து கூப்பிடுகிறேன். நந்தனத்தில் ஒருவர் இதைச் சொல்லவா கூப்பிட்டாய் என்று சலித்துக்கொண்டு ஃபோனை வைத்துவிட்டார். திருவல்லிக்கேணியில் ஒரு அம்மா மட்டும் நான் ஆஸ்பத்திரி என்றதுமே அழ ஆரம்பித்துவிட்டார். கண் நன்றாக இருக்கிறது அம்மா, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.